ஹார்ட் பிளாக்: விட்டுப்போன துடிப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் பாருங்க

(எபிசோடின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வயசு 27. ஆபீஸ்ல வருஷா வருஷம் பண்ற மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஈசிஜி எடுத்திருக்காங்க. ரிப்போர்ட்டில் "ஃபர்ஸ்ட் டிகிரி ஏ.வி. பிளாக்" என்று பிரிண்ட் ஆகி வந்திருக்கு. வீட்டில் அம்மா அதைப் படிச்சிட்டு, "இந்த வயசுலயே ஹார்ட்ல பிளாக்கா? ஸ்டென்ட் வைக்கணுமா?" என்று அழ ஆரம்பிச்சிட்டாங்களாம்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம்ம ஊரில் "ஹார்ட்ல மூணு பிளாக்" என்று சொன்னால் அது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு அடைச்சிருக்கு என்றுதான் அர்த்தம். அதுக்கு ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ். இன்னைக்கு நாம பேசப்போகிற ஹார்ட் பிளாக் வேற. இது குழாய் பிரச்சினை இல்லை, கரன்ட் பிரச்சினை. பிளம்பர் வேலைக்கும் எலக்ட்ரீஷியன் வேலைக்கும் உள்ள வித்தியாசம். ஒரே கார்டியாலஜி டிபார்ட்மென்ட்டில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்பாங்க, பேரும் ஒண்ணா இருக்கு, அதான் குழப்பம்.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நம்பர் போட்டிருப்பதால், ஒண்ணு லேசு, ரெண்டு நடுத்தரம், மூணு ஆபத்து என்று எல்லாரும் நினைச்சுக்கிறாங்க. ஓரளவுக்கு உண்மை. ஆனா உள்ளே இருக்கும் முக்கியமான கோடு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவில் இல்லை, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவிலும் இல்லை. அது ரெண்டாம் டிகிரிக்கு உள்ளேயே ஓடுது. இன்னைக்கு எபிசோடே அந்தக் கோட்டைப் பத்திதான்.

மேல்வீடு, கீழ்வீடு

இதயத்தை ஒரு மாடி வீடா நினைச்சுக்குங்க. மேல்வீட்டில் ரெண்டு அறை, அதுதான் ஏட்ரியம். கீழ்வீட்டில் ரெண்டு அறை, அது வென்ட்ரிக்கிள். உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளுவது கீழ்வீடு. ஆனா "இப்போ துடி" என்கிற ஆர்டர் கிளம்புவது மேல்வீட்டில், வலது பக்கத்தில் இருக்கும் எஸ்.ஏ. நோடிலிருந்து.

ரெண்டு மாடிக்கும் நடுவில் நார்த்திசுவால் ஆன ஒரு தளம் இருக்கு. அதில் கரன்ட் பாயாது. இறங்குவதற்கு வழி ஒண்ணே ஒண்ணுதான். அந்த வழியின் வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார், அவர்தான் ஏ.வி. நோட். அவரைத் தாண்டினால் படிக்கட்டு, அதாவது ஹிஸ் பண்டில். படிக்கட்டு கீழே போய் வலது கிளை, இடது கிளை என்று பிரியுது.

வாட்ச்மேன் ஆர்டரை வாங்கின உடனே கீழே விடமாட்டார். கொஞ்சம் பிடிச்சு வைப்பார். அது சோம்பல் இல்லை. மேல்வீடு சுருங்கி ரத்தத்தை முழுசாக் கீழே இறக்கி முடிப்பதற்கு அந்தத் தாமதம் தேவை. அந்த நேரம் கிடைக்கலைன்னா கீழ்வீடு அரைகுறையா நிரம்பி அடிக்கும்.

ஈசிஜி தாளில் மேல்வீடு துடிப்பது ஒரு சின்ன மேடு, அதன் பேர் பி. கீழ்வீடு துடிப்பது கூர்மையான பெரிய கோபுரம், அது கியூ.ஆர்.எஸ். மேடு ஆரம்பிச்ச இடத்திலிருந்து கோபுரம் ஆரம்பிக்கும் இடம் வரைக்கும் உள்ள நேரம்தான் பி.ஆர். இன்டர்வல். ஆர்டர் மேலேயிருந்து கீழே வந்து சேர எடுத்துக்கிட்ட மொத்த நேரம். பெரியவங்களுக்கு 120 முதல் 200 மில்லிசெகண்ட் வரை நார்மல். ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட், அதனால் மூணு கட்டத்திலிருந்து அஞ்சு கட்டம் வரை. ஸ்கேல் கூட வேண்டாம், எண்ணிடலாம்.

ஒண்ணாம் டிகிரி: லேட், ஆனா வந்துடும்

நம்ம நேயருக்கு பி.ஆர். 232 மில்லிசெகண்ட். கிட்டத்தட்ட ஆறு கட்டம். ஒவ்வொரு பி-க்கும் பின்னாடி ஒரு கோபுரம் இருக்கு, ஒண்ணு கூட விட்டுப்போகலை, தாமதமும் எல்லாத் துடிப்பிலும் ஒரே அளவு. இதுதான் ஒண்ணாம் டிகிரி. உண்மையைச் சொன்னா இதுக்கு "பிளாக்" என்று பேர் வைச்சதே சரியில்லை. எதுவும் அடைபடலை. எல்லா ஆர்டரும் டெலிவரி ஆகுது, கொஞ்சம் லேட்டா ஆகுது, அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன், "ஓடுவீங்களா?" வாரத்துக்கு நாலு நாள், பத்து கிலோமீட்டர் ஓடுறாராம். ஈசிஜி எடுத்தப்போ ஹார்ட் ரேட் 52. இது பொருந்துது. தொடர்ந்து உடற்பயிற்சி பண்றவங்களுக்கு வேகஸ் என்கிற நரம்பின் பிடி அதிகமா இருக்கும். அது எஸ்.ஏ. நோடையும் மெதுவாக்கும், வாட்ச்மேனையும் மெதுவாக்கும். நாலு மாடி ஏறிட்டு எடுத்தால் அதே பி.ஆர். சுருங்கி 200-க்குள்ள வந்திருக்க வாய்ப்பு அதிகம். இவருக்கு மாத்திரை இல்லை, பேஸ்மேக்கர் இல்லை, ஓட்டத்தை நிறுத்தவும் வேண்டாம்.

இதுக்காக ஒண்ணாம் டிகிரியை எல்லாருக்கும் தள்ளிவிடவும் முடியாது. பிரஷருக்கு அட்டனலால், மெட்டோபிரலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுறாங்களா, டில்டியசெம், வெரபமில், டிஜாக்சின் போகுதா என்று பார்க்கணும். ஒரு ஸ்கூல் பிள்ளைக்குக் காய்ச்சலும் மூட்டு வலியும் இருந்து பி.ஆர். நீண்டிருந்தால் ருமாட்டிக் காய்ச்சலா என்று யோசிக்கணும், அந்த நோயைக் கண்டுபிடிக்கும் அளவுகோல்களில் பி.ஆர். நீள்வதும் ஒண்ணு. அப்புறம், பி.ஆர். 300-ஐத் தாண்டிப் போனால் கதை கொஞ்சம் மாறும். தாமதம் அவ்வளவு இருந்தால் மேல்வீடு அடுத்த முறை சுருங்கும் நேரமும் கீழ்வீடு அடிக்கும் நேரமும் மோதிக்க ஆரம்பிக்கும், மூடின கதவில் போய் இடிக்கிற மாதிரி. மூச்சு வாங்கும், தலை லேசாகும். அந்தத் தொந்தரவுக்கு நிஜமாவே இதுதான் காரணம் என்று தெளிவானால், அரிதா இந்தக் கட்டத்திலேயே பேஸ்மேக்கர் யோசிப்பாங்க.

ரெண்டாம் டிகிரி: ஒரே பேர், ரெண்டு நோய்

ரெண்டாம் டிகிரி என்றால் சில ஆர்டர் கீழே வந்து சேருவதே இல்லை. பி இருக்கும், அதுக்கப்புறம் கோபுரம் இருக்காது. வெறும் கோடு. அதைத்தான் டிராப்டு பீட், விட்டுப்போன துடிப்பு என்கிறோம்.

இது விட்டுப்போகும் விதம் ரெண்டு. முதல் விதத்தை நெதர்லாந்து டாக்டர் வென்கிபாக் 1899-லேயே சொல்லிட்டார். அப்போ ஈசிஜி மெஷின் புழக்கத்துக்கே வரலை. நாடித்துடிப்பை வரைபடமாப் பதிவு பண்ணி, அந்த இடைவெளிகளை அளந்து கண்டுபிடிச்சார். ரெண்டாவது விதத்தை ஜான் ஹே 1906-ல் கவனிச்சார். 1924-ல் மோபிட்ஸ் என்கிற ஜெர்மன் டாக்டர் ஈசிஜியை வைச்சு ரெண்டையும் டைப் ஒன், டைப் டூ என்று பிரிச்சார். அதனால்தான் இன்னைக்கும் மோபிட்ஸ் ஒன், மோபிட்ஸ் டூ என்கிறோம். மோபிட்ஸ் ஒன்னுக்கு வென்கிபாக் என்றும் பேர்.

வென்கிபாக்கில் பி.ஆர். எப்படிப் போகும் என்று ஒரு உதாரணம் சொல்றேன். முதல் துடிப்பில் 200. அடுத்ததில் 270. அடுத்ததில் 300. அதுக்கு அடுத்த பி வரும், கோபுரம் வராது. அதுக்கடுத்த துடிப்பில் மறுபடியும் 200. வாட்ச்மேன் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் களைச்சுப் போறார், கடைசியில் ஒரு ஆர்டரைக் கோட்டை விடுறார், அந்த இடைவெளியில் ஓய்வெடுத்துட்டு ஃப்ரெஷ்ஷா மறுபடி ஆரம்பிக்கிறார்.

மோபிட்ஸ் டூ: 180, 180, 180, அடுத்து திடீர்னு ஒண்ணு காணோம், அப்புறம் மறுபடி 180. முன்னறிவிப்பே கிடையாது.

தாளைக் கையில் வாங்கினதும் எல்லா பி.ஆர்.-ஐயும் அளந்துகிட்டு இருக்க வேண்டாம். விட்டுப்போன துடிப்பைக் கண்டுபிடிங்க. அதுக்கு நேர் முன்னாடி உள்ள பி.ஆர்.-ஐயும், நேர் பின்னாடி உள்ள பி.ஆர்.-ஐயும் அளந்து பாருங்க. பின்னாடி உள்ளது குட்டையா இருந்தால் வென்கிபாக். ரெண்டும் சமமா இருந்தால் மோபிட்ஸ் டூ. நீளமான வென்கிபாக் வரிசையில் நடுவில் பி.ஆர். ஏறுவது ரொம்ப நுணுக்கமா இருக்கும், கண்ணுக்கு எல்லாம் சமமாவே தெரியும். ஆனா விட்டுப்போன இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தால் வித்தியாசம் தெரிஞ்சிடும். என் பயிற்சிக் காலத்தில் சீனியர் ஒருத்தர் சொல்லிக்கொடுத்தது இது, இன்னைக்கும் கேஷுவாலிட்டியில் முதலில் பண்றது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. இதைப் பார்க்கும் முன்னாடி பி-க்கள் சம இடைவெளியில் வருதா என்று சரிபார்க்கணும். சில சமயம் மேல்வீட்டிலிருந்து ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்கூட்டியே கிளம்பிடும். வாட்ச்மேன் இன்னும் தயாரா இல்லை, அதனால் அது கீழே போகாது. தாளில் கோபுரம் விட்டுப்போன மாதிரியே இருக்கும். ஆனா அது பிளாக் இல்லை, பெரும்பாலும் தொந்தரவில்லாத விஷயம். அந்த அவசரக்கார பி முந்தின துடிப்பின் டி என்கிற அலையில் ஒளிஞ்சிருக்கும். இதை மோபிட்ஸ் டூ என்று தப்பாப் படிச்சால், தேவையே இல்லாத பேஸ்மேக்கர் வரைக்கும் பேச்சு போயிடலாம்.

ஏன் இந்த வித்தியாசம் முக்கியம்?

களைச்சுப்போவது வாட்ச்மேனின் குணம். ஏ.வி. நோடின் செல்கள் கால்சியத்தை நம்பி மெதுவா வேலை பார்ப்பவை. அழுத்தம் கூடும்போது படிப்படியாத்தான் தாமதமாகும். அதனால் வென்கிபாக் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வாட்ச்மேனிடம். படிக்கட்டின் செல்கள் வேற ரகம், சோடியத்தை நம்பி வேகமாக் கடத்துபவை. அவற்றுக்கு "கொஞ்சம் லேட்டா" என்பது பெரும்பாலும் கிடையாது. கடத்தினால் கடத்தும், இல்லைன்னா சுத்தமா இல்லை. எச்சரிக்கை இல்லாமல் துடிப்பு விட்டுப்போனால், படிக்கட்டே உடைஞ்சிருக்கு என்று அர்த்தம்.

வாட்ச்மேனுக்கு என்ன ஆகுதோ அது நரம்பின் பிடியைப் பொறுத்தது. தூங்கும்போது வேகஸ் ஓங்கி இருக்கும், அப்போ ஆரோக்கியமான இளைஞர்களுக்குக்கூட வென்கிபாக் வரும், எழுந்து நடந்தால் போயிடும். 24 மணி நேர ஹோல்டர் மாட்டினால் விடியற்காலையில் இது பதிவாகும். பெரும்பாலும் அதுக்கு சிகிச்சை வேண்டாம், குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்னு வரும் ஸ்லீப் ஆப்னியா இருக்கா என்று பார்ப்பாங்க. உடைஞ்ச படிக்கட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு விஷயம் மாற்று ஏற்பாடு. மேலேயிருந்து ஆர்டர் வரலைன்னா கீழே இருப்பவங்க சும்மா இருக்க மாட்டாங்க, தானாத் துடிக்க ஆரம்பிப்பாங்க. தடை வாட்ச்மேனிடம் என்றால், அவருக்கு நேர் கீழே இருக்கும் பகுதி நிமிஷத்துக்கு 40 முதல் 60 வரை துடித்துச் சமாளிக்கும். தடை படிக்கட்டில் என்றால், அதுக்கும் கீழே இருந்துதான் யாராவது பொறுப்பெடுக்கணும். வேகம் 20 முதல் 40. அதையும் நம்ப முடியாது, எப்போ வேணாலும் சில வினாடி நின்னுடும். ஆறேழு வினாடி நின்னால் ஆள் மயங்கி விழுவார். அதனால்தான் மோபிட்ஸ் டூ உள்ளவர் "எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டர்" என்று சொன்னால்கூட வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். அது எப்போ வேணாலும் மூணாம் டிகிரியா மாறும். சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லைன்னா, அறிகுறி இருந்தாலும் இல்லாட்டாலும் நிரந்தர பேஸ்மேக்கர் என்பதுதான் இன்றைய வழிகாட்டு நெறி.

பி.ஆர். உதவாத இடம்

இப்போ ஒரு கேஸ். ஒரே ஆளுடையது இல்லை, பல பேரிடம் பார்த்ததைச் சேர்த்துச் சொல்றேன்.

68 வயசு அம்மா. ரெண்டு வாரமாத் தலைசுற்றல், ரெண்டு தடவை விழுந்திருக்காங்க. மகள் கூட்டிட்டு வந்தாங்க. நாடி 38. பிரஷருக்கு அம்லோடிபின் மட்டும்தான் சாப்பிடுறாங்க. அம்லோடிபினும் கால்சியம் வகை மருந்துதான், ஆனா அது ரத்தக்குழாயில் வேலை செய்வது, வாட்ச்மேனைத் தொடாது. அதனால் மருந்து மேல் பழி போட முடியலை. ஈசிஜி மெஷின் மேலே தானாப் படிச்சு "சைனஸ் பிராடிகார்டியா, 38" என்று பிரிண்ட் பண்ணியிருந்தது. அதாவது மேல்வீடே மெதுவாத்தான் ஆர்டர் போடுது, வேறு கோளாறு இல்லை என்கிறது மெஷின்.

தாளை உத்துப் பார்த்தால், ஒவ்வொரு ரெண்டு பி-க்கும் சரியா நடுவில், டி அலை மேல் ஒரு சின்ன முடிச்சு. அதுவும் பி. ஆக, மேல்வீடு 76 தடவை துடிக்குது, கீழே வந்து சேர்வது ஒண்ணுவிட்டு ஒண்ணு, 38. இதுக்கு டூ டு ஒன் பிளாக் என்று பேர். மெஷின் சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கிட்டிருந்தால் இது நழுவிப் போயிருக்கும்.

சரி, இது வென்கிபாக்கா, மோபிட்ஸ் டூவா? நான் இப்போ சொன்ன ட்ரிக்கைப் போட்டுப் பாருங்க. விட்டுப்போன துடிப்புக்கு முன்னாடி ஒரே ஒரு பி.ஆர்., பின்னாடி ஒரே ஒரு பி.ஆர்., ரெண்டும் 180. ஆனா இது சமமா இருந்தே ஆகணும், ஏன்னா நீள்வதற்கு ரெண்டாவது துடிப்பே இல்லை. இங்கே அந்த ட்ரிக் வேலை செய்யாது. டூ டு ஒன்னை ஒன் என்றும் டூ என்றும் சொல்லக் கூடாது, தனியா வைக்கணும்.

வேற தடயம் தேடணும். கோபுரத்தின் அகலத்தைப் பார்த்தோம். நார்மலா மூணு சின்னக் கட்டத்துக்குள்ள இருக்கணும், 120 மில்லிசெகண்டுக்குக் கீழே. இந்த அம்மாவுக்கு 140, வலது கிளை அடைபட்ட வடிவம். படிக்கட்டில் ஏற்கெனவே ஒரு கிளை போயிருக்கு. சந்தேகம் படிக்கட்டு மேல் விழுந்தது.

அடுத்து அட்ரோபின் ஊசி. நாடி குறைஞ்சால் முதலில் கொடுப்பது இதுதான், பெரியவங்களுக்கு 1 மில்லிகிராம். வேகஸின் பிடியைத் தளர்த்தும். வாட்ச்மேனிடம் பிரச்சினை என்றால் நாடி ஏறும். இவங்களுக்கு ரெண்டு நிமிஷத்தில் மேல்வீட்டு வேகம் 76-லிருந்து 102 ஆச்சு. நாடி? 34-க்கு இறங்கிடுச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க. 102-ஐ மூணால் வகுத்தால் 34. மேலேயிருந்து ஆர்டர் வேகமா வர வர, உடைஞ்ச படிக்கட்டு இன்னும் திணறி, மூணில் ஒண்ணைத்தான் கடத்துது. ஆர்டர் கூடுச்சு, டெலிவரி குறைஞ்சுது. இதைப் பார்த்த உடனே ஊசியை நிறுத்தினோம். படிக்கட்டில்தான் தடை என்பது ஏறக்குறைய உறுதியாச்சு. உடற்பயிற்சியிலும் இதே வித்தியாசம் தெரியும். நடக்க வைச்சால் வாட்ச்மேன் பிளாக் சரியாகும், படிக்கட்டு பிளாக் மோசமாகும்.

நெஞ்சில் பெரிய பேட் ஒட்டி வெளியிலிருந்தே கரன்ட் கொடுத்து துடிக்க வைக்கும் முறை இருக்கு. வலிக்கும், நெஞ்சுத் தசை எல்லாம் துள்ளும், அதனால் மயக்க மருந்து கொஞ்சம் கொடுத்துச் செய்வோம். இதில் ஒரு பொறி இருக்கு. மானிட்டரில் கரன்ட் போவதும் அலை வருவதும் தெரியும், ஆனா இதயம் நிஜமாத் துடிக்காமல் இருக்கலாம். தொடையிடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த நேரத்தை வாங்கிக்கிட்டு, கழுத்து நரம்பு வழியா ஒரு தற்காலிக வயரை வலது கீழ் அறைக்குள் கொண்டுபோய் வைச்சோம். ரத்தத்தில் பொட்டாசியம் நார்மல், ஈசிஜியிலும் ரத்தப் பரிசோதனையிலும் மாரடைப்பு இல்லை. திருப்பிச் சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் கிடைக்கலை. வயசாக ஆகப் படிக்கட்டில் தழும்பு விழுந்து வரும் சாதாரணக் கதைதான். மறுநாள் நிரந்தர பேஸ்மேக்கர்.

மூணாம் டிகிரி: ரெண்டு கடிகாரம்

மூணாம் டிகிரியில் ஒரு ஆர்டர் கூடக் கீழே வராது. மேல்வீடு தன் கணக்கில் 80, கீழ்வீடு தன் கணக்கில் 36. ஒரே அறையில் ரெண்டு பேர் ஆளுக்கொரு தாளம் போடுற மாதிரி. ரெண்டு பேருமே தப்பில்லாமல் சீராப் போடுறாங்க, ஆனா ஒருத்தர் போடுவது இன்னொருத்தர் காதில் விழவே இல்லை. தாளில் பி-க்கள் சம இடைவெளியில், கோபுரங்களும் சம இடைவெளியில். நடுவில் பி.ஆர். அளந்தால் ஒரு இடத்தில் 80, ஒரு இடத்தில் 400, இன்னொரு இடத்தில் 220. வென்கிபாக் மாதிரி வரிசையா ஏறாது, தாறுமாறா இருக்கும். இந்தக் கட்டத்தில் பி.ஆர். என்ற சொல்லுக்கே அர்த்தம் கிடையாது. மற்ற டிகிரிகளில் இதுதான் துப்பு, இங்கே அது அர்த்தமிழந்ததுதான் துப்பு.

எல்லா மூணாம் டிகிரிக்கும் உடனே பேஸ்மேக்கர் என்று நினைக்காதீங்க. இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் மாரடைப்பு வந்தால் முழு பிளாக் வரலாம், ஏன்னா பெரும்பாலானவங்களுக்கு அந்தச் சுவருக்கும் வாட்ச்மேனுக்கும் ரத்தம் கொடுப்பது ஒரே வலது கரோனரிக் குழாய். அடைப்பை எடுத்துட்டு, தேவைப்பட்டால் தற்காலிக வயரில் வைச்சுக் காத்திருந்தால், பெரும்பாலும் சில நாளில் தானாச் சரியாகும். முன்பக்கச் சுவர் மாரடைப்பில் வரும் பிளாக் வேற கதை, படிக்கட்டே செத்திருக்கும். கிட்னி ஃபெயிலியர் உள்ளவருக்குப் பொட்டாசியம் எகிறியும் இது வரலாம், அங்கே கால்சியம் ஊசியும் டயாலிசிஸும்தான் சிகிச்சை. பீட்டா பிளாக்கரும் வெரபமிலும் சேர்த்துச் சாப்பிட்டு வந்தவருக்கு மருந்தை நிறுத்திப் பார்க்கணும். குழந்தை பிறக்கும்போதே முழு பிளாக்கோடு பிறப்பதும் உண்டு, அம்மாவின் ரத்தத்தில் உள்ள ஆன்ட்டி ரோ என்கிற எதிர்ப்பொருள் கருவின் ஏ.வி. நோடைத் தாக்குவது அதுக்கு ஒரு காரணம். அந்தக் குழந்தைகளில் சிலர் பல வருஷம் பேஸ்மேக்கர் இல்லாமலே ஓடி விளையாடுவாங்க, கண்காணிப்பு மட்டும் தொடரும்.

காரணம் எதுவும் இல்லாத முழு பிளாக்குக்கு 1958 வரைக்கும் நிரந்தரமான சிகிச்சையே இல்லை. அந்த வருஷம் அக்டோபர் 8-ம் தேதி, ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவில் ஓகே சென்னிங் என்ற சர்ஜன், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற இன்ஜினியர் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்பவருக்கு உடம்புக்குள்ளேயே பொருத்தினார். லார்சனுக்கு அப்போ 43 வயசு, தினமும் பல தடவை மயங்கி விழுந்துகிட்டிருந்தார். அவர் மனைவி எல்ஸ் மேரிதான் ரெண்டு பேரையும் விடாமல் துரத்திச் செய்ய வைச்சவர். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்னுபோச்சு. ஆனா லார்சன் நிற்கலை. மொத்தம் 26 பேஸ்மேக்கர் மாத்தி, 86 வயசு வரை வாழ்ந்து 2001-ல் இறந்தார், சென்னிங்கும் எல்ம்க்விஸ்ட்டும் போன பிறகு. காரணம் இதயக் கோளாறு இல்லை, கேன்சர்.

பேஸ்மேக்கர் உண்மையில் என்ன பண்ணுது?

நம்ம கேஸ் அம்மாவுக்கு வைச்சது ரெண்டு வயர் உள்ள வகை. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, அந்த இடத்தை மட்டும் மரக்கடிச்சு, தோலுக்கடியில் ஒரு சின்னப் பை மாதிரி செய்வாங்க. அங்கிருந்து நரம்பு வழியா ஒரு வயர் மேல் அறைக்கு, ஒண்ணு கீழ் அறைக்கு. நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் இல்லை. மேல் வயர் பி-யைக் கேட்கும். கேட்டதும் நாம செட் பண்ணின நேரம், சுமார் 150, 180 மில்லிசெகண்ட் காத்திருக்கும். அதுக்குள்ள கீழ்வீடு தானாத் துடிக்கலைன்னா கீழ் வயர் துடிக்க வைக்கும். அதாவது போன பி.ஆர்.-ஐ செயற்கையாத் திருப்பிக் கொடுக்குது. வாட்ச்மேன் வேலையும் படிக்கட்டு வேலையும் ஒரே பெட்டிக்குள்ள.

கீழ் வயரை வலது கீழ் அறையின் தசையிலேயே வைச்சு வருஷக்கணக்கா அங்கிருந்தே துடிக்க வைச்சால், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்காமல், சிலருக்கு இதயம் பலவீனமாகுது. அதனால் இப்போ இடது கிளைக்குப் பக்கத்திலேயே வயரைத் திருகி வைக்கும் முறை பரவலாகுது. வயரே இல்லாத குட்டிக் கருவியும் இருக்கு, தொடை வழியா நேரே இதயத்துக்குள் விடுவாங்க. யாருக்கு எது என்பது வயசு, இதயத்தின் பம்பிங் அளவு, எவ்வளவு நேரம் அது துடிக்க வைக்க வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் பொறுத்தது.

நேயர்கள் கேட்டதில் ரெண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிடறேன். "பாட்டிக்கு வைச்சிருக்கு, பக்கத்தில் போன் பேசலாமா?" தாராளமா. பாட்டியே போன் பேசலாம், எதிர்ப்பக்கக் காதில் வைச்சால் நல்லது. பேஸ்மேக்கர் இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் மட்டும் போடக் கூடாது, 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் போதும். காந்தம் உள்ள சார்ஜர், காந்தம் உள்ள போன் கவர் இவற்றுக்கும் அதே கணக்கு. முதல் சில வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம், வயர் நகர்ந்திடும்.

இன்னொருத்தர் கேட்டது, "என் வாட்ச்சில் ஈசிஜி இருக்கே, இதெல்லாம் காட்டிடுமா?" வாட்ச் செயலி பெரும்பாலும் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை. பி.ஆர்.-ஐ அளந்து பிளாக் என்று சொல்வது அதன் வேலை இல்லை. அது "நார்மல்" என்று சொன்னாலும் ஹார்ட் பிளாக் இல்லைன்னு ஆகாது. ஆனா தலைசுற்றல் வரும் அந்த நிமிஷத்திலேயே 30 வினாடி பதிவு பண்ணி, அந்தப் பிடிஎஃப்பை டாக்டரிடம் காட்டினீங்கன்னா அது பெரிய உதவி. பி-யும் கோபுரமும் அதில் தெரிஞ்சால், முன்னாடியும் பின்னாடியும் நாங்க அளந்துக்குவோம். நாடி 40-க்குக் கீழே இருந்து மயக்கமும் வருதுன்னா பதிவு பண்ணிக்கிட்டு உட்காராதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க.

நம்ம 27 வயசு நேயர் போன வாரம் மறுபடி ஈசிஜி எடுத்து அனுப்பியிருந்தார், ஓடி முடிச்ச கையோட எடுத்தது. ரேட் 118, பி.ஆர். 168. அம்மாவுக்கும் அதைக் காட்டியிருக்கார். அடுத்த எபிசோடில் இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் போறோம், வாட்ச்மேனைச் சுத்திக்கிட்டு ஒரு கள்ள வழி இருப்பவங்களுக்கு என்ன ஆகுது என்று பார்க்கலாம்.